வெள்ளத்தில் போன மதிப்பெண் சான்றிதழ்: தாசில்தார் சான்று எந்த ஊரில் வாங்குவது?

ஆற்றங்கரை | 12 ஜூலை 2024, காலை 10.40

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி வெள்ளம் அம்மா வீட்டுக்குள் ஆள் உயரத்துக்கு வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஃபைல் முழுக்கச் சேறு. பத்தாம் வகுப்பு (2012), பன்னிரண்டாம் வகுப்பு (2014) மதிப்பெண் சான்றிதழ்கள் அதில்தான் இருந்தன. டிகிரி மட்டும் கல்விக்கடனுக்காக வங்கியில் கிடந்ததால் தப்பியது. கடன் வாங்கியதில் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை.

அப்போது நடந்த சிறப்பு முகாமுக்கு என்னால் போக முடியவில்லை. பிரசவித்து இருபது நாள். இப்போது போட்டித் தேர்வு எழுதியிருக்கிறேன், அசல் கேட்பார்கள்.

இ-சேவையில் ‘இயற்கைப் பேரிடரில் கல்விச் சான்றிதழ் இழந்ததற்கான சான்று’க்கு விண்ணப்பித்தேன். 60 ரூபாய். ஒன்பதாம் நாள் நிராகரிப்பு. காரணம்: ‘மனுதாரர் வசிக்கும் பகுதியில் வெள்ளப் பாதிப்பு இல்லை.’ உண்மைதான். திருமணமாகி மேற்கே வந்து ஐந்து வருடமாகிறது, இங்கே குடிதண்ணீருக்கே வரிசை. என் ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் இந்த ஊர் முகவரியில். அம்மா ஊர் அலுவலகத்துக்குப் போன் போட்டால், ‘நீங்கள் இங்கே குடியிருக்கவில்லையே’ என்கிறார்கள்.

வெள்ளம் வந்த ஊரில் நான் இல்லை, நான் இருக்கும் ஊரில் வெள்ளம் இல்லை. யாராவது இப்படி மாட்டி மீண்டிருக்கிறீர்களா?

சும்மா_ஒருத்தன் | 12 ஜூலை, காலை 11.02

தாசில்தாரே வேண்டாம். eservices.tnpolice.gov.in போங்கள், தொலைந்த ஆவண அறிக்கை என்று இருக்கும். மதிப்பெண் சான்றிதழும் அந்தப் பட்டியலில் உண்டு. ஐந்து நிமிடம், வீட்டில் உட்கார்ந்தபடி. அதை வைத்து டூப்ளிகேட் வாங்கிவிடலாம்.

வேளச்சேரி மாடிவீடு | 12 ஜூலை, பகல் 12.15

நாங்கள் 2015 வெள்ளத்தில் போனவர்கள். டிசம்பர் 14இலிருந்து இரண்டு வாரம் முகாம் போட்டார்கள். பத்து, பன்னிரண்டு இரண்டுக்கும் எழுதிக் கொடுத்தேன், பைசா கேட்கவில்லை, போலீஸ் பேப்பரும் கேட்கவில்லை. ஆகவே யாராவது கட்டணம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஆற்றங்கரை | 12 ஜூலை, பகல் 12.40

அண்ணே, அது முகாமில். முகாம் முடிந்து ஆறு மாதம் கழித்துப் போகிறவளுக்கு அந்தச் சலுகை இல்லை என்றுதான் இங்கே சொல்கிறார்கள்.

இரண்டு பிள்ளை அப்பா | 12 ஜூலை, பிற்பகல் 3.30

எதற்கு இவ்வளவு அலைச்சல்? டிஜிலாக்கரைத் திறந்து ஆதாரைக் கொடுத்தால் மார்க் ஷீட் வந்து நிற்கிறது. என் மூத்தவனுக்கு இரண்டு நிமிடத்தில் எடுத்தேன்.

ஆற்றங்கரை | 12 ஜூலை, பிற்பகல் 3.48

உங்கள் மூத்தவர் எந்த போர்டு, எந்த வருடம்?

இரண்டு பிள்ளை அப்பா | 12 ஜூலை, பிற்பகல் 3.55

சிபிஎஸ்இ, 2022. ஏன்?

ஆற்றங்கரை | 12 ஜூலை, பிற்பகல் 3.57

நான் மாநில போர்டு, 2012. தேடிப் பார்த்துவிட்டேன், என்னுடையது வரவில்லை. வந்தாலும் எங்களிடம் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

பழைய எழுத்தர் | 12 ஜூலை, இரவு 9.10

பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவன். இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள் அம்மா.

பஸ்ஸில் ஃபைலை விட்டுவிட்டு வந்தால் அது தொலைந்தது. அதற்குக் காவல்துறை. பல்கலைக்கழகங்கள் ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று காவல் நிலையச் சான்று கேட்பதும் இந்த வகைக்குத்தான். தம்பி சொன்ன இணைய அறிக்கை, நீங்கள் தொலைத்துவிட்டதாகச் சொன்னீர்கள் என்பதற்குப் பதிவு, அவ்வளவே. யாரும் விசாரித்து எழுதியதல்ல. சில இடங்களில் அதுவே போதும், சில இடங்களில் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

வெள்ளத்தில் போனது தொலைந்ததல்ல, அழிந்தது. அதற்கு வருவாய்த்துறை. ஏனென்றால் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத்தான் தெரியும், காவல் நிலையத்துக்கு அல்ல. ஆகவே உங்கள் பாதை சரி, ஊர்தான் தப்பு. ஆவணம் எங்கே அழிந்ததோ அந்த ஊர் வி.ஏ.ஓ.தான் விசாரிக்க முடியும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும்.

அம்மா பெயரில் வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் வந்ததா?

ஆற்றங்கரை | 12 ஜூலை, இரவு 9.31

வந்தது ஐயா. ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து வாங்கினார்கள்.

பழைய எழுத்தர் | 12 ஜூலை, இரவு 9.50

அதுதான் உங்கள் சாட்சி. அந்த வீடு பாதிக்கப்பட்ட வீடு என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்டு பணம் கொடுத்திருக்கிறது. அம்மாவின் ரேஷன் கார்டு நகல், நீங்கள் அவர் மகள் என்பதற்கு ஏதாவது ஒன்று, ‘என் மகளின் சான்றிதழ்கள் என் வீட்டில் இருந்தன’ என்று அம்மா கைப்பட ஒரு கடிதம். இந்த மூன்றோடு நேரில் போங்கள். இணையத்தில் மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் மறுபடி அதே பதில்தான் வரும்.

இன்னொன்று. சேறான ஃபைலை என்ன செய்தீர்கள்?

ஆற்றங்கரை | 13 ஜூலை, காலை 7.20

பன்னிரண்டாம் வகுப்பு கூழாகிப் போயிருந்தது, துடைப்பத்தோடு சேர்த்து வாரிக் கொட்டிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு லேமினேட் செய்தது. ‘ஆயுளுக்கும் கவலை இல்லை’ என்று சொல்லித்தான் கடைக்காரர் போட்டுக் கொடுத்தார். ஒரு மூலையில் பிரிந்து தண்ணீர் உள்ளே போய், மை பரவி, உள்ளேயே பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. பிரித்தால் காகிதமும் கூடவே உரிந்து வருகிறது. பெயரும் பதிவெண்ணில் கடைசி மூன்று இலக்கமும் தெரிகின்றன. எறியலாம் என்று இருந்தேன்.

பழைய எழுத்தர் | 13 ஜூலை, காலை 8.05

எறியாதீர்கள்! பிரிக்கவும் வேண்டாம். நான் வேலையில் இருந்தவரை, சிதைந்த அசலைக் கையோடு ஒப்படைக்கிறவருக்கும் ஒன்றுமே இல்லாதவருக்கும் வித்தியாசம் இருந்தது. கையில் கிழிசலாவது இருந்தால் பாதிக் கேள்வி கேட்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் ஜனங்கள் செய்யும் முதல் தப்பு, நாற்றம் பொறுக்காமல் எல்லாவற்றையும் வாரிக் கொட்டுவதுதான். லேமினேட் செய்யாத காகிதமாக இருந்தால் ஒவ்வொரு தாளுக்கும் இடையே பழைய செய்தித்தாளை வைத்து நிழலில் உலர்த்தியிருந்தாலே பதிவெண் வரைக்கும் மீட்டிருக்கலாம்.

சும்மா_ஒருத்தன் | 13 ஜூலை, காலை 8.30

அப்படியானால் பத்தாம் வகுப்புக்கு தாசில்தார் சான்றே தேவையில்லை, கிழிசலைக் கொடுத்தால் போதும் என்கிறீர்களா?

பழைய எழுத்தர் | 13 ஜூலை, காலை 8.44

போதும் என்று இப்போது சத்தியம் செய்யமாட்டேன் தம்பி. ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. எப்படியும் பன்னிரண்டுக்குச் சான்று வாங்கப்போகிறார், அதிலேயே இரண்டையும் எழுதச் சொன்னால் வேலை முடிந்தது.

ஆற்றங்கரை | 19 ஜூலை, மாலை 6.15

நேற்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா ஊருக்குப் போனேன். வி.ஏ.ஓ. முதலில் ஆதாரைப் பார்த்துவிட்டு அதே பாட்டைப் பாடினார். நிவாரண விவரத்தையும் அம்மா கடிதத்தையும் காட்டியதும் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் எழுந்து வீட்டுக்கே வந்துவிட்டார். சுவரில் இன்னும் தண்ணீர்க் கோடு இருக்கிறது, வெள்ளையடிக்கப் பணம் இல்லாததால் தப்பிய கோடு. அதற்கு நேராகப் பீரோவைப் பார்த்தார், லேமினேஷனைப் பார்த்தார். ‘புதிதாகப் போடுங்கள், நிரந்தர முகவரியாக இந்த வீட்டைக் காட்டுங்கள், நான் அறிக்கை எழுதுகிறேன்’ என்றார்.

இ-சேவையில் என் குடிமக்கள் கணக்கு எண்ணில் நிரந்தர முகவரியும் தற்போதைய முகவரியும் ஒன்றாகவே கிடந்தன. போன தடவை அவசரத்தில் நானேதான் அப்படி டிக் போட்டிருக்கிறேன். ஆக, முதல் நிராகரிப்பில் பாதிப் பழி என் மேல். திருத்திவிட்டு மறுபடி 60 ரூபாய் கட்டினேன்.

அடுத்த சிக்கல்: விண்ணப்பத்தில் பதிவெண், தேர்வு மாதம், வருடம் எழுத வேண்டும். பள்ளிக்குப் போனேன். பள்ளிக்குள்ளும் வெள்ளம் புகுந்திருக்கிறது! தரைத்தளத்தில் இருந்த பழைய கட்டுகள் எல்லாம் போய்விட்டனவாம். எங்கள் வருடத்துப் பெயர்ப்பட்டியலும் அதில் ஒன்று. என் மதிப்பெண்ணே இந்த உலகத்தில் இல்லாமல் போய்விட்டதோ என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

பழைய எழுத்தர் | 19 ஜூலை, இரவு 8.20

அழாதீர்கள் அம்மா. உங்கள் மதிப்பெண் பள்ளியில் இல்லை. சென்னை கல்லூரிச் சாலையில், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இருக்கிறது. பொதுத்தேர்வு நடத்தியது அவர்கள், பதிவும் அவர்களுடையது. ‘இந்தப் பெண் எங்களிடம் படித்தவள்தான்’ என்று பள்ளி சாட்சி சொல்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் படி அச்சாகி வருவது அங்கிருந்து.

பள்ளிப் பதிவேடு போனால் உண்மையில் கஷ்டப்படுவது மாற்றுச் சான்றிதழ் தொலைத்தவர்கள். டி.சி. இயக்ககத்தில் கிடையாது, பள்ளியில் மட்டும்தான். சேர்க்கைப் பதிவேடு பிழைத்ததா என்று கேட்டீர்களா?

ஆற்றங்கரை | 19 ஜூலை, இரவு 8.41

அது தலைமையாசிரியர் அறை அலமாரியில், மாடியில் இருந்ததாம். தப்பிவிட்டது. என் பெயரை அதில் பார்த்தேன். அப்பா கையெழுத்தும் இருந்தது.

வேளச்சேரி மாடிவீடு | 19 ஜூலை, இரவு 10.05

டி.சி. பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2015 முகாமில் மார்க் ஷீட் கிடைத்த சந்தோஷத்தில் டி.சி.யை மறந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்துத் தேவைப்பட்டபோது பள்ளிக்கு நாலு நடை. யாராவது முகாமுக்குப் போனால் என்னென்ன போயிற்று என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முன்னால் நான் எழுதிய ‘கட்டணமே இல்லை’ என்பதையும் திருத்திக்கொள்கிறேன். என் தம்பி சாதாரண நாளில் வாங்கியபோது 505 ரூபாய் சலான் கட்டியிருக்கிறான். இப்போதுதான் அவனிடம் கேட்டேன்.

அரியர் அண்ணன் | 20 ஜூலை, காலை 9.00

எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் கொஞ்சம் வேறு. நான் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் இரண்டிலும் போய், ஒன்றை அந்த ஜூனிலும் இன்னொன்றை அடுத்த மார்ச்சிலும் பாஸ் பண்ணினேன். மூன்று மார்க் ஷீட். மூன்றும் போச்சு. ஒரே விண்ணப்பத்தில் மூன்றும் சேர்ந்து வருமா?

பழைய எழுத்தர் | 20 ஜூலை, காலை 9.35

வராது. ஒவ்வொரு தடவை தேர்வு எழுதும்போதும் பதிவெண் புதிது, பருவம் புதிது. அந்தந்தப் பருவத்துக்கு அந்தந்தத் தாள். மூன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், தனித்தனியாகக் கட்டணம். முதல் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் அதில் தோல்விதான் அச்சாகியிருக்கும்.

அரியர் அண்ணன் | 20 ஜூலை, காலை 9.41

அந்தத் தாளை மட்டும் வெள்ளமே வைத்துக்கொள்ளட்டும்.

ஆற்றங்கரை | 24 ஜூலை, பிற்பகல் 2.10

பதிவெண் தேடல் நிலவரம். பழைய ஹால் டிக்கெட் இல்லை. கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த ஜெராக்ஸைக் கேட்டேன், பத்து வருடத்துக் கட்டுகளைக் கழித்துவிட்டார்களாம். வங்கியின் கல்விக்கடன் ஃபைலில் பன்னிரண்டாம் வகுப்பு ஜெராக்ஸ் இருந்தது! மேலாளர் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பதிவெண், மார்ச் 2014, 1200க்கு எவ்வளவு, எல்லாம் தெளிவு.

பத்தாம் வகுப்புக்குத்தான் அந்தக் கடைசி மூன்று இலக்கத்தோடு நிற்கிறேன். கூடப் படித்த தோழிகளிடம் அவர்கள் பதிவெண்ணைக் கேட்டு முன்பகுதியை ஊகிக்கலாமா?

பழைய எழுத்தர் | 24 ஜூலை, மாலை 4.00

ஊகித்து எழுதாதீர்கள். ஒரு இலக்கம் பிசகினால் வேறொருவர் பெயர் வரும், விண்ணப்பம் திரும்பிவிடும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு வைத்திருக்கிறீர்களா? அதில் இருக்கலாம்.

சும்மா_ஒருத்தன் | 24 ஜூலை, மாலை 4.12

அக்கா, போட்டித் தேர்வு எழுதினேன் என்றீர்களே, டிஎன்பிஎஸ்சியா? ஒருமுறைப் பதிவில் பத்தாம் வகுப்புப் பதிவெண், சான்றிதழ் எண், மாதம், வருடம் எல்லாம் கேட்டிருப்பார்களே?

ஆற்றங்கரை | 24 ஜூலை, மாலை 4.30

ஐயோ. போனிலேயே இருக்கிறது. இரண்டு வாரம் ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். தம்பி, உங்களுக்கு ஒரு கருப்பட்டி மிட்டாய் பாக்கி.

சும்மா_ஒருத்தன் | 24 ஜூலை, மாலை 4.33

போலீஸ் விஷயத்தில் சொதப்பியதற்கு இது ஈடு.

ஆற்றங்கரை | 6 ஆகஸ்ட், காலை 11.00

தாசில்தார் சான்று வந்துவிட்டது. இரண்டு சான்றிதழ்களும் அதில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. dge.tn.gov.in தளத்தில் விண்ணப்பப் படிவத்தை எடுத்து, இரண்டு செட்டாக எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் உடனே பத்தாம் வகுப்புப் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

நான் ‘மார்ச் 2012’ என்று எழுதியிருந்தேன். அவர் என்னமோ தப்பு என்கிறார். பொதுத்தேர்வு என்றால் மார்ச்தானே?

பழைய எழுத்தர் | 6 ஆகஸ்ட், பகல் 12.20

உங்கள் தலைமையாசிரியர் சொல்வது சரி. 2012இல் பன்னிரண்டுக்கு மார்ச், பத்துக்கு ஏப்ரல். சமச்சீர்க் கல்வியில் பத்தாம் வகுப்புக்கு நடந்த முதல் தேர்வு அது. ஏப்ரல் 4இல் தொடங்கியது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வெயிலில் விடைத்தாள் கட்டுகளோடு நின்றவன் நான். மாதத்தைத் தப்பாக எழுதினால் அவர்கள் வேறு பருவத்துப் பதிவேட்டில் தேடி ‘பதிவு இல்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். உங்கள் ஒருமுறைப் பதிவில் என்ன இருக்கிறது?

ஆற்றங்கரை | 6 ஆகஸ்ட், பகல் 12.34

ஏப்ரல். பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன், கை தானாக மார்ச் போட்டுவிட்டது.

இன்னொரு கேள்வி. என் சான்றிதழில் அப்பா முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயர். புதிதாகத்தானே அச்சடிக்கிறார்கள், பெயரையும் அப்படியே மாற்றித் தரச் சொன்னால்?

பழைய எழுத்தர் | 6 ஆகஸ்ட், பகல் 12.50

கேட்கவே கேட்காதீர்கள். இரண்டாம் படி என்பது அன்றைக்குப் பதிவேட்டில் என்ன இருந்ததோ அதன் மறு அச்சு. எழுத்துப்பிழை இருந்தால் அந்தப் பிழையும் வரும். திருத்தம் தனி வழி, தனி ஃபைல். இரண்டையும் கலந்தால் இரண்டும் நிற்கும். படித்த காலத்துப் பெயர் இருப்பதில் ஒரு தவறும் இல்லை, திருமணச் சான்றைக் கூட வையுங்கள்.

வேளச்சேரி மாடிவீடு | 6 ஆகஸ்ட், இரவு 9.15

ஒரு சந்தேகம். என் டூப்ளிகேட்டில் ‘இரண்டாம் படி’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனியில் அசல் எங்கே என்று கேட்டார்கள். விளக்கினேன், உண்மைத்தன்மை சரிபார்க்க அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் கழித்து வேலை கொடுத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், போன வருடம் சித்தப்பா வீட்டுப் பரணில் என் அசல் கிடைத்துவிட்டது! வெள்ளத்துக்கு முன்னாலேயே அங்கே கொடுத்துவைத்திருக்கிறோம், யாருக்கும் ஞாபகமில்லை. இப்போது என்னிடம் இரண்டு. எதைக் காட்டுவது?

பழைய எழுத்தர் | 6 ஆகஸ்ட், இரவு 9.40

இரண்டையும் ஒரே நாளில் ஒரே மேசையில் காட்டாதீர்கள், அது போதும். முறைப்படி, அசல் கிடைத்துவிட்டது என்று எழுதி ஒன்றை ஒப்படைக்க வேண்டும்.

வேளச்சேரி மாடிவீடு | 6 ஆகஸ்ட், இரவு 9.44

எதை?

சும்மா_ஒருத்தன் | 7 ஆகஸ்ட், காலை 6.30

ஐயா தூங்கப் போய்விட்டார்.

ஆற்றங்கரை | 18 அக்டோபர், மாலை 5.20

பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டது. பள்ளியிலிருந்து போன் வந்தது, அம்மா போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தார். மதிப்பெண்கள் வங்கி ஜெராக்ஸில் இருந்தவையேதான்.

பத்தாம் வகுப்பு வரவில்லை. பள்ளியில் விசாரித்தால், சிதைந்த அசலைப் பற்றி ஏதோ கேள்வி வந்திருக்கிறதாம். நான் லேமினேஷனை அப்படியே இணைத்திருந்தேன், தாசில்தார் சான்றோ ‘முற்றிலும் அழிந்துவிட்டது’ என்கிறது. அழிந்தது என்றால் இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சும்மா_ஒருத்தன் | 18 அக்டோபர், மாலை 5.41

எறியாதீர்கள் என்று சொன்னது யாரு?

பழைய எழுத்தர் | 18 அக்டோபர், இரவு 8.00

நான்தான். இன்னமும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஒரே சான்றில் இரண்டையும் எழுதச் சொன்னதும் நான்தானே, அப்போது ஒன்றுக்கு ‘அழிந்தது’, இன்னொன்றுக்கு ‘சிதைந்தது’ என்று எழுதச் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு. தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு விளக்கக் கடிதம் கொடுங்கள்: வெள்ளத்தில் நனைந்து பயன்படுத்த முடியாமல் சிதைந்தது, எஞ்சிய பகுதி ஒப்படைக்கப்படுகிறது என்று. புதுச் சான்று கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆற்றங்கரை | 3 டிசம்பர், காலை 10.10

கடிதமே போதுமானதாக இருந்தது. பத்தாம் வகுப்பும் வந்துவிட்டது. ஏப்ரல் 2012 என்றே இருக்கிறது. தமிழில் 92 என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், 89தான்.

இந்தத் தடவை லேமினேஷன் இல்லை. ஜிப் வைத்த உறைக்குள் போட்டு, பரணில் அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறார் அம்மா. இரண்டு செட் ஸ்கேன் என் மெயிலில்.

இரண்டு பிள்ளை அப்பா | 3 டிசம்பர், காலை 11.25

வாழ்த்துகள். இடையில் என் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தேடினோம், ஓய்வூதிய விஷயமாகப் பிறந்த தேதி வேண்டும். 1976, பதினோராம் வகுப்பு. டிஜிலாக்கரில் இல்லை.

பழைய எழுத்தர் | 3 டிசம்பர், பகல் 12.05

இருக்காது. பதிவெண்ணைப் பிறகு பார்க்கலாம், முதலில் அவர் படித்த பள்ளி இன்னும் அதே பெயரில் இருக்கிறதா, சேர்க்கைப் பதிவேட்டைக் கரையான் விட்டுவைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.